கோடு வந்தால் முதலில் மணியைப் பாருங்கள்

தோழிகளே, நாள் தள்ளிப்போனதும் டொலர் கடையிலோ மருந்துக்கடையிலோ கர்ப்பப் பரிசோதனைக் குச்சி வாங்கி வந்தவர்களுக்கு அதைச் செய்யும் முறையை நான் சொல்லித்தரத் தேவையில்லை. குழப்பம் வருவது அதற்குப் பிறகுதான். காலையில் ஒரு கோடாக இருந்த குச்சி பின்னேரம் இரண்டு கோடாக நிற்கும். அதைக் கண்டு ஒரு வீடு சந்தோஷப்படும், இன்னொரு வீடு பயந்துபோகும், இரண்டு வீடும் இன்னும் மூன்று பெட்டி வாங்கும். ஒஷாவாவில் இருக்கும் நம் வீடுகளுக்கு அந்தக் காசும் அலைச்சலும் மிச்சமாக, கைக்கு உதவும் சில குறிப்புகள் இதோ.

1. குச்சியை நனைக்கும் முன்பே போனில் நேரக்கணிப்பானைத் தயாராக வையுங்கள். சில குச்சிகளை 3 நிமிடத்தில் பார்க்க வேண்டும், சிலவற்றை 5 நிமிடத்தில். பெரும்பாலானவற்றை 10 நிமிடத்துக்குப் பிறகு பார்க்கக் கூடாது என்று உள்ளே இருக்கும் தாளில் எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு எண்களையும் பேனாவால் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதிவிட்டால், அரைத்தூக்கத்தில் பொடி எழுத்தைத் தேட வேண்டியதில்லை.

2. அந்த நேரக் கணக்கு ஏன் என்று தெரிந்துகொண்டால் அதை மீற மனம் வராது. குச்சிக்குள் இருப்பது ஒரு நீளமான வெள்ளைப் பட்டை. கீழ்முனையில் சிறுநீர் ஏறும்போது, அங்கே உலரவைத்திருக்கும் நிறத்துகள்களையும் கூட்டிக்கொண்டு மேலே போகும். கர்ப்பம் தங்கினால் உடலில் சுரக்கும் எச்சிஜி என்ற ஹோர்மோன் சிறுநீரில் இருந்தால், அந்தத் துகள்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக, அந்த ஹோர்மோனைப் பிடித்து நிறுத்தும் புரதம் பூசப்பட்டிருக்கும். ஹோர்மோனோடு வரும் துகள்கள் அங்கே சிக்கிச் சேர்ந்து நிறக்கோடாகும், ஹோர்மோன் இல்லாவிட்டால் துகள்கள் அதைக் கடந்து போய்விடும். இன்னும் மேலே உள்ள இரண்டாவது கோடு, ஹோர்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துகள்களைப் பிடிக்கும். குச்சி ஒழுங்காக வேலை செய்ததா என்று சொல்வது அந்தக் கட்டுப்பாட்டுக் கோடுதான். இத்தனையும் பட்டையில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது நடக்கும் காரியம். கம்பெனிக்காரர் சோதித்துப் பார்த்து உத்தரவாதம் தருவதும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்தான்.

3. நேரம் கடந்த பிறகு பட்டை காயத் தொடங்கும். அப்போது நடப்பது வேறு. நீர் ஆவியாகிப் போனாலும் சிறுநீரில் இருந்த உப்பும் மற்றக் கழிவுகளும் பட்டையிலேயே தங்கும். புரதம் பூசிய இடம் மற்ற இடங்களைப் போல வெறும் பட்டை இல்லாததால், அங்கே அவை கொஞ்சம் வித்தியாசமாகப் படிந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். இன்னொன்றும் உண்டு. பட்டையின் மேல்முனையில் மிச்சநீரை உறிஞ்சிவைக்கும் ஒரு பஞ்சு இருக்கிறது. நடுப்பகுதி காய்ந்ததும் அந்தப் பஞ்சிலிருந்து ஈரம் பின்னோக்கி வரும், அங்கே போய்ச் சேர்ந்திருந்த நிறத்துகள்களும் அதோடு திரும்பி வந்து கோடு பூசிய இடத்தில் ஒட்டலாம். இந்த இரண்டுக்கும் உங்கள் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

4. நேரத்துக்குள் வந்த உண்மையான கோட்டை மூன்று விஷயத்தில் பாருங்கள். ஒன்று நிறம்: பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கோடு இளஞ்சிவப்பு என்றால் இதுவும் இளஞ்சிவப்பாகவே இருக்க வேண்டும், எவ்வளவு வெளிறியிருந்தாலும் சரி. இரண்டு அகலம்: கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கே இருக்கும். மூன்று நீளம்: பட்டையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விடாமல் ஓடும். ஈரம் காய்ந்து வரும் கோடு பெரும்பாலும் சாம்பலாகவோ நிறமே இல்லாத நிழலாகவோ, மயிர்போல மெலிந்தோ, பாதியில் நின்றோ இருக்கும். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி, நேரம் தாண்டிய குச்சிக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பின்னோக்கி வந்த நிறத்துகள் சிலவேளை உண்மையான நிறத்தையே காட்டிவிடும்.

5. மறுபக்கமும் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குள், நிறத்தோடு, மெலிதாக ஒரு கோடு வந்தால் அதை "ஏதோ நிழல்" என்று தள்ளிவிடாதீர்கள். ஆரம்ப நாட்களில் ஹோர்மோன் குறைவு என்பதால் கோடு மெலிதாகத்தான் வரும். மெலிந்த கோடும் கோடுதான்.

6. புதுக்குச்சியைப் பிரித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சில மலிவுக் குச்சிகளில், புரதம் பூசிய இடம் நனையும் முன்பே ஒரு தழும்புபோலத் தெரியும். நனைந்ததும் அது இன்னும் கொஞ்சம் தெளிவாகி, நேரத்துக்குள்ளேயே ஏமாற்றும். அதில் நிறம் இருக்காது, வெறும் பள்ளம் மட்டும்தான். முன்பே பார்த்து வைத்திருந்தால் பிறகு அதைக் கண்டு பதற வேண்டிவராது.

7. கட்டாக வாங்கிய குச்சிகளில் ஒன்றை வீட்டு ஆணுக்குக் கொடுங்கள். அவருடைய சிறுநீரில் நனைத்து, 5 நிமிடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னேரம் வரை அப்படியே வைத்து மறுபடி பாருங்கள். அந்தக் கட்டில் காய்ந்த கோடு எப்படித் தெரியும் என்பதை ஒரே குச்சிச் செலவில் கண்ணால் கண்டுவிடலாம். இன்னொன்று, நேரத்துக்குள்ளேயே அவருக்கு நிறக்கோடு வந்தால் சிரித்துவிட்டு விடக்கூடாது. கட்டில் பிழை இருக்கலாம், அரிதாக விதைப்பையில் வரும் கட்டியும் இதே ஹோர்மோனைச் சுரக்கும். அவர் டொக்டரைப் பார்ப்பது நல்லது.

8. இளஞ்சிவப்புக் கோடு காட்டும் குச்சியையே தேடி வாங்குங்கள். நீலக்கோட்டுக் குச்சிகளில் காய்ந்த சாம்பல் கோடும் மெலிந்த நீலக்கோடும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதிலும் கூட்டல் குறி காட்டும் வகைகளில், அரைகுறையாக விழும் நெடுங்கோட்டைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. நீலமா சிவப்பா என்பது சில பெட்டிகளின் வெளிப்பக்கத்திலேயே படமாக இருக்கும், இல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

9. டொலர் கடைக் குச்சி மட்டம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். வித்தியாசம் எவ்வளவு குறைந்த ஹோர்மோனைக் கண்டுபிடிக்கும் என்பதில் இருக்கிறது, மலிவுக் குச்சிகள் பலவற்றில் அந்த அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 25 மில்லி அலகு. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனவருக்கு அது தாராளமாகப் போதும். நாள் வருவதற்கு முன்பே பார்க்க அவசரப்படுகிறவர்கள்தான் கூடிய விலைக்குச்சியைத் தேடுகிறார்கள். அந்த நாலு நாள் பொறுத்தால் அந்தக் காசு கையில் இருக்கும்.

10. மெல்லிய பட்டைக் குச்சியில் அம்புக்குறியோடு ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி நனைத்தால் சிறுநீர் பட்டையின் மேலாக வழிந்து, நிறத்தைக் கண்டபடி இழுத்துவிடும். தாளில் சொன்ன வினாடிகள் மட்டும் நனைத்து, வறண்ட சமதளத்தில் படுக்கவைத்துவிடுங்கள். கையில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதும் நிறம் சீராக ஓடுவதைக் கெடுக்கும்.

11. முதல் நிமிடத்தில் ஜன்னல் முழுக்க இளஞ்சிவப்பு மேகம் ஓடினால் பயப்பட வேண்டாம், நிறம் மேலே போய்க்கொண்டிருக்கிறது. நேரம் முடிந்த பிறகும் பின்னணி வெள்ளையாகாமல் திட்டுத்திட்டாக நின்றால் அந்தக் குச்சி செல்லாது. அதில் கோடு தேடுவது வீண்.

12. கட்டுப்பாட்டுக் கோடு வராத குச்சியும் செல்லாது. பரிசோதனைக் கோடு மட்டும் பளிச்சென்று வந்திருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள். பெட்டி பழுது என்று சந்தேகம் வந்தால், பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பெட்டியில் உள்ள இலவசத் தொலைபேசி எண்ணுக்கும் அழைத்துச் சொல்லலாம்.

13. நம் ஊர்க் குளிருக்கென்று ஒரு குறிப்பு. இணையத்தில் கட்டாக வாங்கும் குச்சிகள் தை, மாசியில் தெருமுனைத் தபால்பெட்டிக்குள் இரவு முழுக்க உறைந்து கிடக்கும். பெரும்பாலான பெட்டிகளில் 2 முதல் 30 பாகை வரை வைக்கச் சொல்லி, உறையவிட வேண்டாம் என்றும் போட்டிருப்பார்கள். உறைந்தால் பூசிய புரதம் பழுதாகலாம், அப்படியான குச்சி இல்லாததைக் காட்டவும் கூடும், இருப்பதை மறைக்கவும் கூடும். பனிக்காலத்தில் மட்டும் நேரே கடையில் வாங்குங்கள். குளிரில் நடந்து கொண்டுவந்த பெட்டியை அறைச்சூட்டுக்கு வரவிட்ட பிறகே உறையைக் கிழியுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த பட்டையில் வீட்டின் ஈரம் வியர்த்துப் படியும். கோடையில் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் அதே அளவு கெடுதல்.

14. குளியலறை அலுமாரியில் வைக்காதீர்கள். குளிக்கும் ஆவி மெல்லமெல்லப் பெட்டிக்குள் இறங்கும். உடுப்பு அலுமாரியின் மேல்தட்டு நல்லது. உறையைக் கிழித்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை மட்டும் எறிந்துவிடலாம். நனைத்த குச்சியைச் சூடுகாற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதும் முக்கியம். பனிக்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் பட்டை சீக்கிரமே காயும்.

15. நேரக்கணிப்பான் அடித்ததும் குச்சியைப் பக்கத்தில் உள்ள மணிக்கூட்டோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். பிறகு தாளில் சுற்றிக் குப்பைவாளியில் போட்டு, வாளியை மூடிவிடுங்கள். மறுபடி எடுத்துப் பார்க்க ஆசை வந்தால் படத்தைப் பாருங்கள். படம் காய்வதில்லை. அந்தப் படத்தின் நிறத்தை மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டிக் கோடு தேடும் வேலை மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் பட்டையின் தழும்பும் நிழலும் கோடாக எழும்பிவிடும்.

16. படம் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை, ஒஷாவாவில் எனக்குத் தெரிந்த ஒரு இளம் சோடியின் கதையில் பாருங்கள். அவளுக்கு நாள் ஒன்று தள்ளிப்போயிருந்தது. காலை 5.40க்குக் குச்சியை நனைத்து, 5 நிமிடத்தில் பார்த்தாள், ஒரே கோடு. குச்சியைக் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, ரொறன்ரோ போகும் கோ ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள். பின்னேரம் 6 மணிக்கு வேலையால் வந்த கணவன் பார்த்தால் இரண்டு கோடு! அவள் வந்து இறங்குவதற்குள் யாழ்ப்பாணத்துக்கும் அழைத்துச் சொல்லியாகிவிட்டது. இரவோடு இரவாக இருபது டொலரை ஒட்டிய விலைக்கு எண்முறைக் குச்சியும் வாங்கினார்கள், அது கர்ப்பம் இல்லை என்றது. எது பொய் என்று இருவருக்கும் நித்திரை இல்லை.

அந்தக் குச்சி 12 மணித்தியாலத்துக்கு மேல் வெப்பமூட்டும் துவாரத்தின் கீழே காய்ந்திருந்தது. இரண்டாவது கோடு சாம்பல் நிறம், கட்டுப்பாட்டுக் கோட்டின் பாதி அகலம், மேற்பாதியில் மட்டும் ஓடியது. காலையில் 5 நிமிடத்தில் இல்லாத கோடு என்பதே போதுமான விடை. இரண்டு நாள் கழித்து, அதே கட்டிலிருந்த இன்னொரு குச்சியை நேரம் வைத்துப் பார்த்தாள், ஒரே கோடுதான். அடுத்த நாளே மாதவிடாய் வந்துவிட்டது. உண்மையில் தேவைப்பட்டது அந்த ஒரு மலிவுக் குச்சியும் இரண்டு நாள் பொறுமையும்தான். ஊருக்கு அழைத்துத் திருத்திச் சொல்வதுதான் அவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஆகவே முதல் குச்சியை நம்பி யாருக்கும் அழைத்துச் சொல்லாதீர்கள்.

17. நேரத்தையும் அசைவையும் பற்றிய இந்தக் கவனம் வீட்டுப் பரிசோதனை தொடங்கிய காலத்திலிருந்தே உண்டு. 1967இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஓர்கனோன் மருந்து நிறுவனத்தில் வேலைசெய்த மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர், ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்களின் கீழே ஆடி வைத்துக் கர்ப்பம் பார்ப்பதைக் கண்டு, இதை வீட்டிலேயே செய்யலாமே என்று ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார். 'பிரெடிக்டர்' என்ற பெயரில் அது 1971இல் விற்பனைக்கு வந்தது நம் கனடாவில், அமெரிக்கப் பெண்களுக்கு அது பல வருடம் கழித்தே கிடைத்தது. குழாயை இரண்டு மணித்தியாலம் ஆடாமல் வைத்து, அடியில் வளையம் விழுகிறதா என்று ஆடியில் பார்க்க வேண்டும். யாராவது மேசையை இடித்தால் வளையம் குலைந்துவிடும். இன்று நமக்குப் பொறுக்கவேண்டியிருப்பது மூன்று நிமிடம், ஐந்து நிமிடம்.

18. சந்தேகமான கோடு வந்தால் அன்றே அடுத்தடுத்து நாலு குச்சி செலவழிக்காதீர்கள். ஆரம்பத்தில் இந்த ஹோர்மோன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் ஏறக்குறைய இரட்டிக்கும், மத்தியானத்துக்குள் எந்தக் கோடும் தடித்துவிடாது. 48 மணித்தியாலம் விட்டு, அதே வகைக் குச்சியில், அதே காலை நேரத்தில் பாருங்கள். வகை மாறினால் நிறமும் உணர்வளவும் மாறும், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

19. காலை முதற்சிறுநீர் என்பது இரவுவேலை செய்கிறவருக்கு நித்திரையால் எழும்பியதும் போகும் சிறுநீர். அது கிடைக்காவிட்டால் நாலு மணித்தியாலமாவது அடக்கிவைத்ததில் பார்க்கலாம். குச்சிக்காக ஒரு போத்தல் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், வரவேண்டிய கோடும் மங்கிவிடும்.

20. நேரத்துக்குள் ஒழுங்காக நிறத்தோடு வந்த கோடு, சில நாளில் மங்கி, மாதவிடாயும் வந்துவிட்டதா? அது காய்ந்த கோடு இல்லை. கரு தங்கத் தொடங்கி, மிக ஆரம்பத்திலேயே நின்றுபோனது. இப்படி நடப்பது பலர் நினைப்பதைவிடச் சாதாரணம், நீங்கள் தூக்கியதாலோ ஓடியதாலோ தின்றதாலோ வந்ததில்லை. குச்சி பொய் சொன்னது என்று உங்கள் மனத்தைச் சமாதானப்படுத்த யாராவது சொன்னாலும், திகதியைக் குறித்துவைத்து டொக்டரிடம் சொல்லுங்கள்.

21. கோடு உண்மை, பொருள்தான் வேறு என்ற சந்தர்ப்பங்களும் உண்டு. குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்குக் கருமுட்டை வெளிவரப் போடும் சில ஊசிகளில் இதே ஹோர்மோன்தான் இருக்கிறது, அது உடலைவிட்டுப் போக 10 முதல் 14 நாள் எடுக்கலாம். பிரசவத்துக்கும் கருச்சிதைவுக்கும் பிறகு சில வாரம் வரைகூட நிறக்கோடு வரும். இப்படியானவர்கள் குச்சியில் காசு போடாமல், சிகிச்சை நிலையம் தரும் திகதியில் இரத்தப் பரிசோதனை செய்வதே மேல்.

22. இரண்டு முறை பார்த்தும் தெளிவில்லையா? மூன்றாவது பெட்டி வாங்காதீர்கள். ஒன்ராறியோவில் சுகாதார அட்டை இருப்பவர்களுக்கு, குடும்ப டொக்டரோ நேரே போகக்கூடிய கிளினிக் டொக்டரோ எழுதித் தரும் படிவத்தோடு செய்யும் இரத்தப் பரிசோதனைக்குக் காசில்லை. அளவைக் கேட்டுப் படிவம் வாங்குங்கள், வெறும் உண்டு-இல்லை விடை போதாது. பொதுவாக 5க்குக் கீழே வந்தால் கர்ப்பம் இல்லை, 25க்கு மேலே என்றால் உண்டு. இடையில் நின்றால் 48 மணித்தியாலம் விட்டுத் திரும்ப எடுப்பார்கள், அந்த இரண்டு எண்ணும் எப்படி மாறுகின்றன என்பதே விடை. இரத்தத்தில் காய்ந்த கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

23. டொக்டர் கிடைக்க நாளாகும் என்றால் 811க்கு அழையுங்கள், எந்த நேரமும் பதிவுபெற்ற தாதி பேசுவார். ஆங்கிலம் சிக்கலாக இருந்தால் தமிழில் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கர்ப்பம் உறுதியானால் மருத்துவிச்சியிடம் போக டொக்டரின் கடிதம் தேவையில்லை, ஒன்ராறியோவில் அந்தச் சேவையும் இலவசம். டூரம் பகுதியில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடலாம் என்பதால் நேரத்தோடு அழைப்பது நல்லது.

24. விடை தெரியாத அந்த இரண்டு மூன்று நாளும் உண்டு என்று வைத்தே நடந்துகொள்ளுங்கள். மதுவைத் தவிர்த்து, 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உள்ள விற்றமினை நாளுக்கு ஒன்று எடுங்கள். இல்லை என்று வந்தாலும் அதனால் நட்டம் எதுவும் வராது. வழமையாக ஏதாவது மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல் மருந்தாளரிடம் கேளுங்கள்.

25. கோடு மெலிதா தடிப்பா என்று ஆராயவே கூடாத ஒரு நிலை இருக்கிறது. நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில், அதிலும் ஒரு பக்கமாக, கடும் வலி, தோள்மூட்டில் காரணமில்லாத வலி, தலைச்சுற்று, மயக்கம், இரத்தப்போக்கு இவற்றில் எது வந்தாலும் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். அங்கே ஹோர்மோன் மெல்ல ஏறுவதால் கோடு நாள்கணக்கில் மெலிதாகவே நிற்கலாம், அதைக் காய்ந்த கோடு என்று எண்ணி விட்டுவிடுவதுதான் ஆபத்து. 911ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு லேக்ரிட்ஜ் ஹெல்த் ஒஷாவா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியே கார் ஓட்ட வேண்டாம். குச்சியைக் கொண்டுபோகத் தேவையில்லை, கடைசி மாதவிடாயின் முதல்நாள் திகதி தெரிந்தால் போதும்.

26. எண்முறைக் குச்சி சொல்லால் விடை தருவதால் கண்ணுக்கு வேலையில்லை, கோட்டைக் கண்டு குழம்புகிறவர்களுக்கு அந்த ஒரு குச்சிக்குக் கொடுக்கும் காசு தகும். ஆனால் "இல்லை" என்று காட்டியதை உடைத்து உள்ளே இருக்கும் பட்டையைப் பார்க்காதீர்கள். அந்தப் பட்டையைக் கருவி தன் கணக்கில் படிக்கிறது, கர்ப்பம் இல்லாதபோதும் அங்கே இரண்டு கோடு தெரியலாம். எறியும்போது உள்ளே இருக்கும் சின்னப் பற்றரியை எப்படி எடுப்பது என்று தாளில் இருக்கும். அதைக் கழற்றிப் பழைய பற்றரி சேர்க்கும் பெட்டியிலும், மிச்சத்தைக் குப்பைவாளியிலும் போடுங்கள்.